டெஸ்டோஸ்டிரோனா, எச்சிஜியா? குழந்தை வேண்டும் ஆணுக்கு எந்த ஊசி?

இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு, கூடவே குழந்தையும் வேண்டும். இந்த இரண்டும் ஒரே ஆணிடம் சேரும்போது, குறைந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டால் இரண்டுமே சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விந்தணு உற்பத்தியை நிறுத்துவதே அந்த ஊசிதான். காரணம் விந்தகத்தின் அமைப்பில் இருக்கிறது.

விந்தகத்துக்குள் சுருண்டு கிடக்கும் நுண்குழல்களில்தான் விந்தணு உருவாகிறது. குழல்களுக்கு இடையில் உள்ள திசுவில் லீடிக் செல்கள் இருக்கின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்எச் ஹார்மோன் வந்து சேர்ந்தால் இவை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். குழலின் உள்சுவரில் நிற்பவை செர்டோலி செல்கள். வளரும் விந்தணுக்களைத் தாங்கிப் பிடித்து ஊட்டம் தருவதும், முதிர்ந்தபின் விடுவிப்பதும் இவற்றின் வேலை. பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்எஸ்எச்சும், பக்கத்திலிருந்து கசிந்து வரும் டெஸ்டோஸ்டிரோனும் செர்டோலி செல்களிடம்தான் பேசுகின்றன. வளரும் விந்தணுக்கள் இந்த ஹார்மோன்களின் கட்டளையை நேரடியாக வாங்குவதில்லை, செர்டோலி வழியாகத்தான் பெறுகின்றன.

லீடிக் செல்கள் குழலை ஒட்டியே இருப்பதால் விந்தகத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் அளவு இரத்தத்தில் உள்ளதைவிடச் சுமார் 50 முதல் 100 மடங்கு அதிகம். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இந்த அளவு தெரியாது. மருந்துகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியதோ அதைத்தான்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி

இது இரத்த அளவை உயர்த்துகிறது. களைப்பு குறையும், பாலுணர்வு திரும்பும். ஆனால் இரத்தத்தில் போதுமான டெஸ்டோஸ்டிரோன் இருப்பதைக் கண்டு, பிட்யூட்டரியை இயக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் நிறுத்திவிடுகின்றன. எல்எச் இல்லாத லீடிக் செல்கள் சுரப்பதை விட்டுவிடும். வாரம் 200 மி.கி. ஊசி பெற்ற ஆண்களை ஆராய்ந்தபோது, இரத்த அளவு நன்றாக இருக்கும்போதே விந்தகத்துக்குள் அளவு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்தது. ஊசியால் இரத்தத்தில் கூடும் அளவு, அந்த உள் அளவை எட்டவே முடியாது. அது கிடைக்காத செர்டோலி செல்களால் விந்தணுக்களை முதிரும்வரை பிடித்து வைத்திருக்க முடிவதில்லை. பாதி வளர்ந்தவை பிடி தளர்ந்து உதிர்கின்றன, முதிர்ந்தவையும் சரியாக விடுபடுவதில்லை.

இதே வழியை ஆண் கருத்தடையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 1990-ல் வெளியானது. அதில் வாரம் 200 மி.கி. பெற்ற, விந்தணு எண்ணிக்கை இயல்பாக இருந்த ஆண்களில் சுமார் 65 சதவீதம் பேருக்கு 6 மாதத்துக்குள் விந்தணு பூஜ்யமானது. கருத்தடைக்காகச் சோதிக்கப்பட்ட மருந்தைக் குழந்தை வேண்டுபவருக்கு எழுதுவது பெரிய தவறு. ஊசியை நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் உற்பத்தி திரும்பும், பொறுமை வேண்டும். பிட்யூட்டரி நலமாக உள்ளவர்களில் 6 மாதத்தில் சுமார் 67 சதவீதமும், ஓராண்டில் சுமார் 90 சதவீதமும் மில்லிலிட்டருக்கு 2 கோடி என்ற அளவை எட்டியதாக ஆண் கருத்தடை ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

எச்சிஜி, தேவைப்பட்டால் எஃப்எஸ்எச்

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோனான எச்சிஜி, ஏறக்குறைய எல்எச்சின் மாற்றாள். அதே ஏற்பியில் ஒட்டி லீடிக் செல்களை இயக்குகிறது. எல்எச் இரத்தத்தில் ஒரு மணி நேரம்கூட நிலைக்காமல் பாதியாகும், எச்சிஜி ஒரு நாளுக்கும் மேல் தாங்கும். அதனால் வாரம் 2 அல்லது 3 ஊசி போதும். வழக்கமான தொடக்க அளவு ஒரு ஊசிக்கு 1500 முதல் 2000 யூனிட். இங்கே இரத்த அளவு ஏறுவது உள் அளவு ஏறியதன் அடையாளம், ஏனென்றால் சுரப்பது விந்தகமேதான்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்க்கலாம். 32 வயது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிட்யூட்டரிக் கட்டி அறுவை. டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 120 நானோகிராம், எல்எச் 0.5, எஃப்எஸ்எச் 0.8, மூன்றுமே மிகக் குறைவு. அளவு மணிகளைக் கோத்த சரத்தை விந்தகத்தின் பக்கத்தில் பிடித்து, எந்த மணியோடு ஒத்துப்போகிறது என்று தடவிப் பார்த்தால் ஒவ்வொன்றும் 15 மி.லி. பருவம் அடைந்தபின் வந்த குறைபாடு என்பதை அந்த அளவே சொல்லிவிடும். டெஸ்டோஸ்டிரோன் ஊசியில் இரத்த அளவு 550-க்கு வந்தது. ஐந்தாம் மாதப் பரிசோதனையில் விந்தணு பூஜ்யம். ஊசியை நிறுத்தி, எச்சிஜி 1500 யூனிட் வாரம் மூன்று முறை தொடங்கினால் இரண்டு மாதத்தில் டெஸ்டோஸ்டிரோன் 480-ஐத் தொடலாம். ஆறாம் மாதம் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 10 லட்சத்தில் நின்றுவிட்டால், லீடிக் செல்கள் வேலை செய்கின்றன, செர்டோலி செல்களுக்கு எஃப்எஸ்எச் பசி தீரவில்லை என்று பொருள். அப்போதுதான் எஃப்எஸ்எச் 75 முதல் 150 யூனிட் வரை, வாரம் மூன்று முறை சேர்ப்பார்கள். எண்ணிக்கை 60, 70 லட்சத்தை எட்டினாலே இவ்வகைக் குறைபாட்டில் கருத்தரிப்பு நிகழ்வதுண்டு. இயல்பின் கீழ் எல்லை 1.6 கோடி என்பதைப் பார்த்து மனம் தளரத் தேவையில்லை.

பிறவியிலேயே ஹார்மோன் இல்லாதவர், விந்தகம் 4 மி.லி.க்கும் சிறியது என்றால் கதை வேறு. செர்டோலி செல்கள் பெருகுவது பருவத்துக்கு முன்புதான், எஃப்எஸ்எச்தான் அதைத் தூண்டும். ஒவ்வொரு செர்டோலி செல்லும் குறிப்பிட்ட அளவு விந்தணுக்களையே தாங்கும் என்பதால், அவற்றின் எண்ணிக்கைதான் உற்பத்தியின் உச்ச வரம்பு. எடுத்த எடுப்பில் எச்சிஜி போட்டால் டெஸ்டோஸ்டிரோன் செர்டோலி செல்களை முதிரவைத்து, பெருகும் வாய்ப்பை மூடிவிடும். அதனால் சில மையங்கள் முதலில் சில மாதம் எஃப்எஸ்எச் மட்டும் தந்து, பிறகு மற்றதைச் சேர்க்கின்றன. வளர்ச்சியை மணிச்சரத்தாலும் இரத்தத்தில் இன்ஹிபின் பி அளவாலும் பார்க்கலாம், அதைச் சுரப்பது செர்டோலி செல்களே. விந்தகம் சிறுவயதில் கீழே இறங்காமல் இருந்தவருக்கு பலன் குறைவாகவே கிடைக்கும்.

எச்சிஜிக்கும் குறை உண்டு. கூடுதலாகும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பு வலித்து வீங்கலாம். அப்படி நேர்ந்தால் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

க்ளோமிஃபீன் மாத்திரை

இது மூளையில் ஈஸ்ட்ரோஜன் சமிக்ஞையை மறைத்து, பிட்யூட்டரியைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. ஊசி தேவையில்லை. ஆனால் பிட்யூட்டரி வேலை செய்தால்தான் பலன், மேலே சொன்ன அறுவை நோயாளிக்கு இது உதவாது. பல நாடுகளில் இது ஆண்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடும் அல்ல.

எதையும் தொடங்கும் முன் எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் பார்த்தாக வேண்டும். இரண்டும் உயர்ந்திருந்தால் பிட்யூட்டரி ஏற்கெனவே உரக்கக் கூவிக்கொண்டிருக்கிறது, பழுது விந்தகத்தில். எஃப்எஸ்எச் மட்டும் உயர்ந்து, இன்ஹிபின் பி தாழ்ந்து, டெஸ்டோஸ்டிரோன் நன்றாக இருந்தால் லீடிக் செல்கள் பிழைத்திருக்கின்றன, குழல்கள் கெட்டிருக்கின்றன. அங்கே எச்சிஜி சேர்ப்பதில் பலனில்லை.

எந்த வழியானாலும் முதல் மாதத்தில் விந்துப் பரிசோதனை செய்து ஏமாற வேண்டாம். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அதன்பின் எபிடிடிமிஸ் குழாயைக் கடந்து வர மேலும் சில நாள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் ஆகும்முன் செய்யும் பரிசோதனை, சிகிச்சைக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும்.