காசு கொடுத்து வாங்கிய படங்கள் கடையோடு போயின

நான் திரைப்படங்கள் வாங்கிவந்த இணையக் கடை ஒன்று மூடப்பட்டுவிட்டது. கூடவே என் படங்களும் போய்விட்டன. பெயரைச் சொல்லப்போவதில்லை, மற்ற கடைகளின் நிபந்தனைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன.

கடையை மூடப்போவதாக வந்த மின்னஞ்சலில், ‘வாங்கிய படங்களைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. அப்படியே செய்தேன். சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு எதைத் தொட்டாலும் ‘உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை’ என்றது திரை. கோப்பு அப்படியே இருக்கிறது, ஃபோனில் இடத்தையும் அடைக்கிறது, படம் மட்டும் வருவதில்லை.

காரணம் இதுதான். செயலிக்குள் இறங்கும் கோப்பு பூட்டப்பட்டது. அதைத் திறக்கும் சாவி கடையின் சர்வரில் இருக்கிறது. ஒருமுறை வாங்கிய சாவியைச் செயலி குறிப்பிட்ட காலத்துக்கு வைத்திருக்கும். அது தீர்ந்ததும் மறுபடி சர்வரைக் கேட்கும். சர்வரை நிறுத்திவிட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆகவே இணையத்தை அணைத்துவிட்டு ஓடுகிறதா என்று பார்ப்பது சரியான சோதனை அல்ல. கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து, விஎல்சி போன்ற சாதாரண பிளேயரில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் அது உங்கள் கையில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘தாங்கள் பெற்றது பார்க்கும் உரிமம் மட்டுமே’ என்று நிபந்தனையின் ஒரு பத்தியை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். முழு விலையை வாங்கும்போது அந்தப் பத்தியைக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்க வேண்டாமா? இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

கடை மூடத்தான் வேண்டும் என்றுகூட இல்லை. 2022 ஆகஸ்ட் 31 முதல், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் கடையில் வாங்கப்பட்ட ஸ்டுடியோகனால் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் படங்கள் வாடிக்கையாளர்களின் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டன. தயாரிப்பாளரோடு இருந்த உரிம ஒப்பந்தம் மாறியதே காரணம். மாறாக, வெவ்வேறு கடைகளில் வாங்கிய படங்களை ஒரே கணக்கில் சேர்த்துவைக்கும் அல்ட்ராவயலெட் என்ற சேவை 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டபோது, அதற்குள் தங்கள் கணக்கை ஏதாவதொரு விற்பனைக் கடையோடு இணைத்துவைத்தவர்களில் பெரும்பாலோரால் படங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது.

வாடகையில் இந்தச் சிக்கல் இல்லை. வழக்கமாக, தொடங்க 30 நாள். தொடங்கிவிட்டால் 48 மணி நேரம். கொடுத்த காசுக்குப் படம் பார்த்தாகிவிடும். வாங்க 480 ரூபாய், வாடகைக்கு 120 என்றால், நான்கு முறைக்கு மேல் பார்க்கும் படத்துக்குத்தான் வாங்குவது லாபம். எனக்கு அப்படிப்பட்ட படங்கள் சிலவே. அவற்றை இனி ப்ளூ-ரே வட்டாகத்தான் வாங்குகிறேன்.

உங்கள் கடையிலிருந்து மூடல் அறிவிப்பு வந்தால், முதலில் பதிவிறக்கத்தில் நேரத்தைப் போக்காதீர்கள். தொகுப்பை வேறு கடைக்கு மாற்ற வழி இருக்கிறதா, கடைசி நாள் எது என்று பாருங்கள். ரசீதுகளையும் தொகுப்புப் பட்டியலையும் படமெடுத்து வையுங்கள்; கணக்கு மூடியபின் அவையும் கிடைக்காது. பணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள், சர்வர் நிற்பதற்கு முன்பே.