அச்சு யுகக் கோட்பாடா, அதன் விமர்சனமா: விரிவுரையில் எதை முன்வைப்பது?

சீனா, இந்தியா, ஈரான், இஸ்ரேல், கிரேக்கம் எனத் தனித்தனி நாகரிகங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பெரும் சிந்தனைகள் பிறந்தன, மனித வரலாறு சுழலும் அச்சு அந்தக் காலமே என்பது ஜெர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸின் கோட்பாடு.

காலம்: யாஸ்பர்ஸ் 1949-இல் வரைந்த எல்லை கி.மு. 800 முதல் 200 வரை. புத்தர், கன்ஃபூசியஸ், எபிரேயத் தீர்க்கதரிசிகள், ஈரானிய சமய குரு சரதுஷ்டிரர் எல்லோரும் அதற்குள்.
விமர்சகர்கள் கை வைப்பது சரதுஷ்டிரரில்தான். காதைகள் எனப்படும் அவருடைய துதிப்பாடல்களின் மொழி ரிக்வேதத்துக்கு மிக நெருக்கம். அதனால் பலர் அவரை கி.மு. 1000-க்கும் முன்னே வைக்கிறார்கள். அப்புறம் எகிப்து மன்னர் அக்நாதன்: கி.மு. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஒரே கடவுள்! இயேசுவும் முகம்மது நபியும் எல்லைக்கு வெளியே.

காரணம்: ஏன் இந்த மாற்றம் என்பதற்கு யாஸ்பர்ஸ் உறுதியான விடை தரவில்லை.
விமர்சகர்களில் ஒருவரான எகிப்தியல் அறிஞர் யான் அஸ்மன், எழுத்தையும் புனித நூல் தொகுப்பையும் காட்டுகிறார். எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது.

ஒரே வகுப்பில் சீனாவையும் கிரேக்கத்தையும் அருகருகே வைக்க யாஸ்பர்ஸ் போதும். காலவரிசையைச் சோதிக்கும் வகுப்புக்கு அஸ்மன்.