1,85,000 ரூபாயும் போச்சு, தீபாவளி ஆர்டரும் நிக்குது: ஆர்டர் மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆம்பூரில் நாங்கள் லெதர் செருப்பு தைத்து, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறோம். எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன யூனிட். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. முப்பத்துநாலு ஆர்டரில் எந்த சைஸ் எத்தனை ஜோடி என்று தெரியாமல் கட்டிங் மாஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். காரணம், 1,85,000 ரூபாய் கொடுத்து நான் போட்ட மென்பொருள்.

போன வருஷம் எனக்கு மூன்று வழி இருந்தது. மாத வாடகைக்குக் கிடைக்கும் ரெடிமேட் மென்பொருளை வேண்டாம் என்றேன். எங்கள் ஆர்டர் சீட்டில் ஒரே வரியில் ஆர்ட்டிகிள், கலர், 6 முதல் 10 வரை சைஸ் கட்டங்கள் இருக்கும். ரெடிமேடில் ஒவ்வொரு சைஸும் தனி ஐட்டமாக ஏற்ற வேண்டும். முதலிலிருந்து புதிதாக எழுத 4 லட்சம் கேட்டார்கள், அது நமக்கு ஆகாது. மூன்றாவதாக, காட்பாடி பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்காரர், இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிறேன் என்றார்.

அவரை நம்பிய நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் ஆர்டர் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர், நாலாம் நாள் லேப்டாப்போடு வந்தார். திரையில் அதே சீட்டு, அதே சைஸ் கட்டங்கள், கீழே ஜோடிக் கூட்டல். எங்கப்பாவை "நைனா, நீங்களே போட்டுப் பாருங்க" என்று உட்கார வைத்தார். அப்பா ஒரு விரலால் 8-ஆம் கட்டத்தில் 12 என்று தட்டினார், கூட்டல் வந்தது, சிரித்தார். அன்றே 1,10,000 கொடுத்தேன். மீதி 75,000 பொங்கலுக்குள் போய்விட்டது. உள்ளே எப்படிச் செய்திருக்கிறார் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, ஜோடி 2,500 ரூபாய் வரையிலான செருப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாக இறங்கியது. ரெடிமேட் வைத்திருக்கும் பக்கத்து யூனிட்காரர் காலையிலேயே ஒரு திரையில் எண்ணை மாற்றிவிட்டு பில் போட்டார். என்னுடையதிலும் மாற்றினேன், பில் 12 சதவீதத்திலேயே வந்தது. 450 ரூபாய் செருப்பு 60 ஜோடி, 27,000 ரூபாய் பில். வரி 1,350 வர வேண்டிய இடத்தில் 3,240. கடைக்காரர்கள் பில்லைத் திருப்பி அனுப்பினார்கள்.

போன் போட்டேன். "சர்வர் பிரச்சினைண்ணா." மறுநாள், "பையன் ஊருக்குப் போயிருக்கான்ணா." அதற்கு மறுநாள், "அது அந்த மென்பொருளோட கோளாறு, நாங்க என்ன பண்றது?" கடைசியில் இது புது வேலையாம், 40,000 ஆகுமாம். கத்தினேன். 29-ஆம் தேதி அவராகவே புது வெர்ஷனை ஏற்றினார். வரி சரியானது, சைஸ் கட்டங்கள் மொத்தமாகக் காணோம். ஆர்டரைத் திறந்தால் "60 ஜோடி" என்று மட்டும் நிற்கிறது.

சர்வர் அவர் பெயரில். பாஸ்வேர்டு வாங்கவே நான்கு நாள் அலைந்தேன். சென்னையில் வேலை செய்யும் அக்கா பையன், பழைய பேக்கப்பைத் திறந்து இதைக் காட்டினான்:

```
if rate <= 1000:
    gst = 12
else:
    gst = 18
```

"மாமா, வரியைத் திரையில் மாற்றுகிற வசதி இந்த மென்பொருளிலேயே இருக்கு. சைஸ் கணக்குக்காக அதைத் தாண்டி இப்படிக் கையால எழுதி வச்சிருக்காங்க. அதுவும் தனியா ஒரு இணைப்பா எழுதாம, மூல ஃபைலுக்குள்ளயே. புது வெர்ஷன் வந்ததும் அந்த ஃபைல் மேல புது ஃபைல் உட்கார்ந்துடுச்சு." சைஸ் விவரம் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறதாம், காட்டத்தான் திரை இல்லை. அவன்தான் இப்போது ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறான்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 12 ஆர்ட்டிகிள், 3 கலர், 5 சைஸ், மொத்தம் 180 ஐட்டம். ரெடிமேடில் ஏற்ற இரண்டு நாள் வேலை. அதற்குச் சோம்பல்பட்டு 1,85,000 கொடுத்திருக்கிறேன்.

விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், நேரமில்லை. ஓப்பன் சோர்ஸை மாற்றி வாங்குகிறீர்களா, மாற்றங்கள் தனி இணைப்பாக இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். தெரிந்த பையனை விட்டு மூல ஃபோல்டரில் `git status` போடச் சொல்லுங்கள், `modified` என்று ஃபைல் பெயர்கள் வந்தால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு நகலில் புது வெர்ஷனை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், வரியை நீங்களே மாற்றி ஒரு பில் போட்டுப் பாருங்கள். சர்வர் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும்.

திருப்பி வந்த பதினோரு பில்லுக்கும் கிரெடிட் நோட் போட வேண்டும். ஆடிட்டர் நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்.