குறைவாக வந்த சரக்கு, நசிந்த பெட்டி: நாங்கள் எழுதும் முறைப்பாட்டுக் கடிதம் எப்படி வேலை செய்கிறது?

கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வரும் லொறி பரந்தனில் திரும்பி ஏ35 வழியாகப் புதுக்குடியிருப்புக்கு வந்து சேருவதற்குள் வழியில் பல கடைகளுக்குச் சரக்கு இறக்கிவிடும். ஒவ்வொரு இடத்திலும் மிச்சத்தை மாற்றி அடுக்குவார்கள். பெட்டி தவறுவதும், பிஸ்கட் பெட்டிக்கு மேல் சவர்க்காரப் பெட்டி ஏறி நசிவதும் பெரும்பாலும் அங்கேதான். இதற்காக எங்கள் பலசரக்குக் கடையில் சில வருடங்களாகச் சரக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு ஒரே அமைப்பில்தான் கடிதம் எழுதுகிறோம்.

கடிதத்தின் பலம் லொறி நிற்கும்போதே தீர்மானமாகிவிடும். டெலிவரி நோட்டில் ‘சரக்கு நல்ல நிலையில் கிடைத்தது’ என்று அச்சடித்திருக்கும். அதன் கீழ் வெறும் கையெழுத்து வைத்தால் பிறகு என்ன எழுதினாலும் எடுபடாது. குறைவையும் சேதத்தையும் எல்லாப் பிரதியிலும் விழும்படி அழுத்தி எழுதி, சாரதியின் கையெழுத்தையும் வாகன இலக்கத்தையும் வாங்க வேண்டும். அவசரம் என்று சொல்வார், சொல்லட்டும். நனைந்த பெட்டியை லொறித் தட்டில் இருக்கும்போதே படம் எடுப்பது நல்லது. மேற்பக்கம் நனைந்திருந்தால் படங்கு ஒழுகியிருக்கிறது, அடிப்பக்கம் என்றால் தட்டில் தண்ணீர் நின்றிருக்கிறது. இறக்கிய பிறகு எடுத்த படத்துக்கு ‘உங்கள் களஞ்சியத்தில் நனைந்தது’ என்ற பதில் வரும். மாரி காலத்தில் இது கட்டாயம் வரும்.

அடுத்த சிக்கல் இலவசப் பெட்டி. ஓர் உதாரணக் கணக்கு: பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் என்ற திட்டத்தில் 48 பெட்டி பிஸ்கட், பெட்டி 5,200 ரூபா, மொத்தம் 2,49,600 ரூபா. இலவசம் 4 சேர்த்து 52 பெட்டி வரவேண்டும், வந்தது 50. ‘குறைந்த இரண்டும் இலவசப் பெட்டிதானே, கிரெடிட் நோட் எதற்கு?’ என்பார் விற்பனைப் பிரதிநிதி. அதனால் கட்டிய பணத்தை 52 ஆல் பிரித்து, பெட்டி 4,800, பெட்டிக்கு 24 பக்கற் என்பதால் பக்கற் 200 ரூபா என்று கடிதத்திலேயே காட்டிவிடுகிறோம். 5,200 என்று கேட்டால் அவர்களுடைய கணக்குப் பகுதி திருப்பி அனுப்பும். அது நியாயமும்கூட.

கடிதம் இவ்வளவுதான்:

விடயம்: இன்வொய்ஸ் இல. ……, திகதி ……: குறைவும் சேதமும்

ஐயா,
மேற்படி இன்வொய்ஸில் இலவசம் உட்பட 52 பெட்டிகள் உள்ளன. 50 பெட்டிகளே கிடைத்தன. அவற்றுள் ஒன்று முழுதாக நனைந்துள்ளது (24 பக்கற்). இரண்டு நசிந்து, 11 பக்கற் உடைந்துள்ளன. சாரதி கையொப்பமிட்ட டெலிவரி நோட்டின் பிரதியும் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.
குறைவு: 2 பெட்டி × 4,800 = 9,600
சேதம்: 35 பக்கற் × 200 = 7,000
மொத்தம்: 16,600 ரூபா
இத்தொகைக்கு மேற்படி இன்வொய்ஸ் இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கிரெடிட் நோட் தரவும். …… திகதிக்கு முன் தர முடியாவிட்டால் அதே அளவு சரக்கை, காலாவதித் திகதி குறைந்தது …… மாதம் இருக்கும்படி மாற்றித் தரவும். சேதமான பக்கற்றுகள் உங்கள் பார்வைக்காகத் தனியாக வைக்கப்பட்டுள்ளன.

நசிந்த பெட்டிகளில் மிஞ்சிய 37 நல்ல பக்கற்றுக்கும் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்டால் பிரதிநிதி வந்து எண்ணும்வரை முழுக் கடிதமும் கிடப்பில் கிடக்கும். உடைந்ததை மட்டும் எண்ணி எழுதியதற்குப் பதில் சீக்கிரம் வருகிறது. உடைந்ததையும் அவர் பார்க்கும்வரை எறியக்கூடாது. எலி வராத இடத்தில், பெட்டியின் பட்ச் இலக்கம் தெரியும்படி வைக்க வேண்டும்.

கிரெடிட் நோட்டா, மாற்றுச் சரக்கா? விலை ஏறியிருந்தால் மாற்றுச் சரக்குத்தான் லாபம். இல்லாவிட்டால் எங்கள் தெரிவு கிரெடிட் நோட். ‘அடுத்த லோட்டில் போடுகிறோம்’ என்பது வாய்ப்பேச்சாகவே நின்றுவிடும், வந்தாலும் திகதி முடியப்போகும் சரக்காக வருவதுண்டு. முழுத் தொகைக்கும் பின்திகதியிட்ட காசோலை கொடுத்திருந்தால் அதை வங்கியில் நிறுத்தாமல், அடுத்த இன்வொய்ஸில் கழிக்கும்படி கேட்பதுதான் வசதி. கிரெடிட் நோட்டில் பழைய இன்வொய்ஸ் இலக்கம் இல்லாவிட்டால் காசு சேர்க்க வருபவர் கழிக்க மாட்டார்.

இந்தக் கடிதம் சரிவராத இடம் ஒன்று உண்டு: நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ரேப் பிரியாமல் இருக்க, உள்ளே பக்கற் குறைவது. சாரதியை அதற்குப் பொறுப்பாக்க முடியாது. பெட்டியில் மொத்த நிறை அச்சிட்டிருந்தால், சந்தேகமான பெட்டியை உடைக்காமல் தராசில் வைத்து, நிறை தெரியும்படி படம் எடுத்து, அதற்கு வேறாக ஒரு கடிதம் எழுதுகிறோம். வெறும் மண்ணிற ரேப் மேலே ஒட்டியிருந்தால் அது வழியில் திறந்த பெட்டி. அதை லொறியடியிலேயே பிரித்து எண்ண வேண்டும்.