பீல் முறையில ரெண்டு வருஷமா எழுதுறேன், அந்த லிங்க்தான் இன்னும் உயிரை வாங்குது

போன வாரம் பென்னாகரத்துல இருந்து தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போன் பண்ணான், குரூப் 1 மெயின்ஸுக்குப் படிக்கிறவன். "அண்ணா, அவுட்லைன் நல்லா போட்டுடறேன், அதைப் பாராவா எழுத உட்கார்ந்தா நாலு வரியில முடிஞ்சிடுது, நீங்க அந்த பீல் முறையிலதானே எழுதுறீங்க, நிஜமாவே உதவுதா"ன்னு கேட்டான். போன்ல ஒழுங்கா சொல்ல முடியல, அதான் இங்க எழுதறேன். ஒவ்வொரு பாராவையும் பாயின்ட், எவிடென்ஸ், எக்ஸ்ப்ளனேஷன், லிங்க்னு நாலு படியில எழுதறதுதான் பீல்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல.

அவன் அவுட்லைன்ல முதல் வரி "நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு". நம்ம தர்மபுரிக்காரன் வேற என்ன எழுதுவான். ஆனா அது வெறும் தலைப்புங்க, பாயின்ட் இல்ல. யாராவது "இல்லையே"ன்னு மறுத்துப் பேச இடம் இருந்தாதான் அது பாயின்ட். அதனால அதை "காய்ச்சிக் குடித்தால் தீர்ந்துவிடும் சிக்கல் அல்ல ஃப்ளோரைடு"ன்னு மாத்தச் சொன்னேன். எவிடென்ஸ் சுலபம்: லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம பக்கம் பல போர்வெல்லுல அதைத் தாண்டிடுது.

அடுத்து அவன் எழுதின விளக்கம் இது: "இதனால் மக்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். எனவே இது மிகவும் தீவிரமான சிக்கலாகும்."

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இப்படித்தான் பக்கம் பக்கமா எழுதினேன். இது விளக்கமே இல்ல, பாயின்ட்டையே சத்தமா திரும்பச் சொல்றது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. எவிடென்ஸ் வரியை விரலால மூடிட்டு விளக்கத்தை மட்டும் படிங்க, அப்பவும் அது எந்த ஊருக்கும் எந்தப் பிரச்சினைக்கும் பொருந்துச்சுன்னா அடிச்சிடுங்க. "மக்கள் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்"ங்கறது டெங்குவுக்கும் பொருந்தும், வெள்ளத்துக்கும் பொருந்தும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து இப்படி மாத்தினோம்:

"பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, எனவே அளவு மீறியதை வீட்டில் யாரும் உணர முடியாது. காய்ச்சினாலும் அது ஆவியாகப் போவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற, மீதித் தண்ணீரில் அதன் செறிவு கூடவே செய்யும்."

இப்பதான் அந்த 1.5-க்கு ஒரு அர்த்தம் வருது. அளவு மீறுது, மீறினது தெரியாது, தெரிஞ்சு காய்ச்சினாலும் போகாது, அதனால பாயின்ட் சரி. ஏன் சரிங்கற காரணம் எழுத எழுத கிடைக்குது, இந்த முறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். என் பாரா நாலு வரியில இருந்து பத்து வரி ஆச்சு, ஒரு வரி கூட நிரப்புறதுக்காக எழுதினது இல்ல.

ஆனா லிங்க்! ஒரு கோச்சிங் சென்டர்ல ஒவ்வொரு பாராவையும் கேள்வியோட சேர்த்து முடிக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க, இன்னொருத்தர் அடுத்த பாராவுக்குக் கொண்டுபோகணும்னாரு. நான் ரெண்டையும் ஒரே வாக்கியத்துல திணிக்கப் பார்த்து, என் கட்டுரை ஒண்ணுல ஆறு பாரா ஆறுமே "இவ்வாறாக"ன்னு முடிஞ்சிருந்துச்சு. திருத்தினவர் ஆறையும் வட்டம் போட்டு வெச்சிருந்தாரு, அந்தத் தாள் இன்னும் என்கிட்ட இருக்கு. எனக்கு வந்த கோவம் சொல்லி மாளாது, சொன்னபடிதானே எழுதினேன்.

அப்புறம் நானா ஒண்ணு புடிச்சேன். பாராவைப் படிச்சவங்க அடுத்து என்ன கேப்பாங்களோ அதுதான் லிங்க். மேல உள்ள ஃப்ளோரைடு பாராவைப் படிச்சுக் காட்டினப்ப தம்பி உடனே "அப்ப ஆர்ஓ போட்டா போயிடுமேண்ணா"ன்னான். சரியான கேள்வி, ஆர்ஓல ஃப்ளோரைடு பெரும்பாலும் குறையும்தான். அதையே அடுத்த பாராவோட முதல் வரியா வெச்சோம்: "ஆர்ஓ கருவி இதைக் குறைக்கும், ஆனால் அதை வாங்கிப் பராமரிக்க முடியாத வீடு என்ன செய்யும்?" அதுல இருந்து 2013-ல தொடங்கின ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்துக்கு, அதாவது போர்வெல்லை விட்டுட்டுக் காவிரித் தண்ணியைக் குழாயில கொண்டு வந்ததுக்கு, தானா போயிடலாம். முதல் பாரா கடைசியில எதையும் ஒட்ட வேண்டிய வேலையே இல்ல.

இவ்வளவு சொல்லிட்டு இதையும் சொல்றேன், தம்பிக்கு இந்த முறையை முழுசா எடுத்துக்கன்னு நான் சொல்லல. மூணு மணி நேரப் பரீட்சையில ஒவ்வொரு பாராவுக்கும் கடைசி வரி தேடி நான் இழந்த நேரம் கொஞ்ச நஞ்சமில்ல. முதல் மூணை மட்டும் வெச்சுக்கடா, நாலாவதை அடுத்த பாரா பாத்துக்கும்னு சொல்லிட்டேன். நானும் அடுத்த தேர்வை அப்படித்தான் எழுதப்போறேன்.