சில்லர் கம்பெனிக்கு விபிஎன் கொடுப்பதா, கேட்வே வைப்பதா?

பத்து மாடி அலுவலகக் கட்டடம், மொட்டை மாடியில் இரண்டு சில்லர், மாடிக்கு ஒரு ஏஎச்யூ, எல்லாம் கட்டடக் கருவிகளின் பொது மொழியான பேக்நெட் ஐபியில், கட்டடத்தை மேற்பார்க்கும் ஒரே பிஎம்எஸ்ஸோடு பேசுகின்றன. சில்லரைப் பராமரிக்கும் கம்பெனி தன் அலுவலகத்தில் இருந்தபடியே அதைக் கண்காணிக்கக் கேட்கிறது. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடும் யோசனையே வேண்டாம், சாதாரண பேக்நெட் ஐபியில் மதிப்பைப் படிக்கவோ எழுதவோ கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. மிச்சம் இரண்டு வழி.

முதலாவது, அவர்கள் அலுவலகத்துக்கும் நம் கட்டடத்துக்கும் நேரடி விபிஎன். கன்ட்ரோலர்களைத் தனி விலானில் வைத்து, ஃபயர்வாலில் சில்லர் கன்ட்ரோலரின் ஐபியையும் UDP 47808-ஐயும் மட்டும் அனுமதித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பேக்நெட்டில் படிப்பதும் எழுதுவதும் அதே போர்ட்டில்தான் போகின்றன, போர்ட்டை மட்டும் பார்க்கும் ஃபயர்வாலுக்கு இரண்டும் ஒன்றுதான். கண்காணிக்க என்று கொடுத்த வழியில் சில்லரின் செட்பாயிண்டையும் மாற்றலாம். அங்கிருந்து ஒருவர் 7 டிகிரியை 10 ஆக்கி, அதை முன்னுரிமை 8-இல் எழுதிவிட்டு விடுவிக்க மறந்தால், பேக்நெட்டில் சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்பதால் 16-இல் எழுதும் நம் அட்டவணை என்ன சொன்னாலும் சில்லர் கேட்காது. மேல் மாடிகளில் புழுக்கம் என்று புகார் வரும், பிஎம்எஸ் திரையிலோ அட்டவணை சரியாகவே ஓடுவதுபோல் தெரியும். அந்தப் பாயிண்டின் `priority-array`-வைத் திறந்து 8-ஆவது இடத்தில் மதிப்பு உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

இரண்டாவது, வேறொரு விலானில் ஒரு கேட்வே. அது கன்ட்ரோலர்களிடமிருந்து மதிப்புகளைப் படித்து, TLS வழியே ஒரே ஒரு முகவரிக்குத் தானே அனுப்புகிறது, வெளியிலிருந்து உள்ளே தொடங்கும் இணைப்பு எதுவும் கிடையாது. கேட்வேயிலேயே எழுதும் வசதியை அணைத்துவிட வேண்டும், சிலவற்றில் அது அணைக்காமலேயே வருகிறது என்பதால் இதை நேரில் சரிபாருங்கள். செட்பாயிண்ட் மாற்ற வேண்டிய நாளில், வெளியாள் முதலில் நுழைந்து அங்கிருந்தே வேலை செய்யும் ஜம்ப் சர்வர் ஒன்று: அவரவர் பெயரில் கணக்கு, ஓடிபி, வேலை முடிந்ததும் நாமே மூடிவிடுவது. நள்ளிரவில் சில்லர் ட்ரிப் ஆனால் ஜம்ப் சர்வரைத் திறந்துவிட இங்கே ஆள் இருக்க வேண்டும், இந்த வழியின் உண்மையான செலவு அதுதான். ஆள் வைக்க முடியாத சின்ன கட்டடத்துக்கு விபிஎன்னே வந்து சேரும். அப்போதும் அதை அவர்கள் நெட்வொர்க் முழுவதற்கும் திறக்காமல், ஜம்ப் சர்வரோடு நிறுத்திவிடுங்கள். என் ஓட்டு கேட்வேக்குத்தான்.

எந்த வழியானாலும் விலானைப் பிரித்த அன்றே பிஎம்எஸ்ஸில் பாதி கருவிகள் ஆஃப்லைன் காட்டக்கூடும். ‘யார் இருக்கிறீர்கள்’ என்று பேக்நெட் கேட்கும் பிராட்காஸ்ட் விலானைத் தாண்டாது. அதற்கு, பிராட்காஸ்டை மற்ற விலான்களுக்கு எடுத்துச் செல்லும் பிபிஎம்டி ஒவ்வொரு விலானிலும் ஒன்று போதும். ஒரே விலானில் இரண்டு வைத்தால் அதே பாக்கெட் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கே திணறும், வயர்ஷார்க்கில் ஒரே கேள்வி ஓயாமல் திரும்பி வருவது தெரியும்.