தழும்பை அழித்த திருத்தப் பணிக்கு 18,500 ரூபாய்: ஒளிப்பட மன்றத்தில் பேசியது

மன்ற நண்பர்களுக்கு வணக்கம். மனிதர்களின் படங்களை நேர்மையாகத் திருத்துவது எப்படி என்று இன்று பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த வாரம்தான் 18,500 ரூபாயை இழந்திருக்கிறேன். அந்தக் கோபம் அடங்காததால் நடந்ததையே சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் எடுத்த ஒரு திருமண ஆல்பத்தின் 60 படங்களைத் திருத்துவதற்காக, இணையவழித் திருத்தச் சேவை ஒன்றை அணுகினேன். மாதிரிக்கு மணப்பெண்ணின் தந்தையுடைய படத்தை அனுப்பினேன். மீன்பிடித் தொழில் செய்யும் அவருக்கு இடப்புருவத்தைப் பிளந்தபடி ஒரு பழைய தழும்பு உண்டு. அன்று காலைச் சவரத்தில் தாடையிலும் ஒரு கீறல் விழுந்திருந்தது. திரும்பி வந்த மாதிரியில் கீறல் மட்டும் மறைந்து, தழும்பு அப்படியே இருந்தது. ஒரு வாரத்தில் ஆறிவிடுவதை நீக்கலாம், ஆயுளுக்கும் உடன்வருவதைத் தொடக்கூடாது என்று நான் இங்கே பலமுறை சொன்னதை, நான் சொல்லாமலே அவர்கள் செய்திருந்தார்கள். அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் 18,500 ரூபாயையும் முன்பணமாகவே அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் வந்த 60 படங்களில் எதிலும் அந்தத் தழும்பு இல்லை. 100 சதவீத அளவில் பார்த்தால் யார் கன்னத்திலும் மயிர்த்துளைகூட இல்லை. தோலின் நுண்ணமைப்பை ஒரு லேயரிலும் நிறத்தையும் நிழலையும் மற்றொன்றிலும் பிரித்து, திட்டுகளை மட்டும் சமன்செய்வதே முறையான வேலை. இவர்களோ எல்லாவற்றையும் சேர்த்து மழுக்கியதால், கன்ன எலும்பின் கீழ் விழும் நிழலும் போய், முகம் தட்டையாகிவிட்டது. மாநிறமான மணப்பெண்ணின் முகத்தை மட்டும் வெளுக்கவைத்ததில், கன்னத்தருகே இருந்த மருதாணிக் கை வேறொருவருடையதாகத் தெரிந்தது. இடுப்பைக் குறுக்கிய படத்தில் பின்னாலிருந்த மண்டபத் தூணே வளைந்திருந்தது. அந்தத் தந்தை தம் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது நான் இல்லையே" என்றார்.

கேட்டதற்கு முதலில், எல்லோரும் இதைத்தான் விரும்புகிறார்கள் என்றார்கள். பிறகு மேலாளர் அழைப்பார் என்றார்கள், அழைக்கவில்லை. மாதிரியைச் செய்தவரிடமே கொடுங்கள் என்றேன்; அவர் வேறு பிரிவு என்றார்கள். லேயர்களோடு கோப்பைக் கேட்டபோது, ஒப்புக்கொண்டது ஜேபெக் மட்டுமே என்று முடித்துக்கொண்டார்கள். 18,500 ரூபாயில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

விரிவாகச் சொல்ல நினைத்த அறிவுரைக்கு இன்று நேரமில்லை. முழுப்பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். முதல் ஐந்து படங்களை வாங்கிப் பார்த்த பிறகே மற்றவற்றை அனுப்புங்கள். லேயர் கோப்பு வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். முகத்தின் நிறத்தைக் கழுத்தோடும் காதோடும் ஒப்பிடுங்கள். உடலுக்குப் பின்னாலுள்ள நேர்கோடுகளைப் பாருங்கள்.

ரா கோப்புகள் என்னிடம் இருப்பதால், நேற்றிரவு அந்தத் தந்தையின் படத்திலிருந்து நானே மீண்டும் தொடங்கியிருக்கிறேன்.